மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை: பெட்டி படுக்கையோடு மலைரயில் ஏறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மலைரயிலில் முதல் முறையாகப் போகத் திட்டமிடுகிறவர்கள் டிக்கெட் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் இரண்டு கேள்விகள் எழுகின்றன. காலை 7.10 மணிக்குப் புறப்படும் ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் எப்படி நேரத்தோடு இருப்பது என்பது ஒன்று. கையில் இருக்கும் பெட்டிகளை என்ன செய்வது என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாக யோசிக்க முடியாது. எந்த வழியாக மேட்டுப்பாளையம் வருகிறோம், எந்த வழியாக ஊர் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே எவ்வளவு சாமான் எடுத்து வரலாம் என்பது அமைகிறது. ஆகவே வீட்டில் பெட்டி கட்டத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் திட்டத்தை முடித்துவிட வேண்டும்.

இடம் ஏன் இவ்வளவு குறைவு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி நிலையம் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் உள்ள தண்டவாளத்தின் நீளம் 46 கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு வரை ரயில் மற்ற ரயில்களைப் போலவே ஓடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகவும் செங்குத்தாகி, சில இடங்களில் பன்னிரண்டு அடி போவதற்குள் ஓர் அடி மேலே ஏறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது வழுக்காமல் இவ்வளவு ஏறுவது இயலாது என்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு மேலே ஏறுகிறது. இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஏதாவது கோளாறு நேர்ந்தாலும் பெட்டிகள் கழன்று பள்ளத்தை நோக்கி உருளாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

ஓர் இன்ஜின் இந்த ஏற்றத்தில் தள்ளக்கூடிய பாரத்துக்கு எல்லை உண்டு. அதனால்தான் ரயிலில் ஏறக்குறைய நான்கு பெட்டிகளைத்தான் இணைக்கிறார்கள், அவையும் சிறியவை. மீட்டர் கேஜ் பாதை என்பதால் அகலமும் குறைவு. இரண்டாம் வகுப்பில் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள் இருக்கும், பக்கவாட்டில் தனிக் கதவு இருக்கும். உள்ளே ஏறிவிட்டால் அடுத்த பகுதிக்கு நடந்து போக வழி கிடையாது. எதிரில் இருப்பவரின் முழங்காலும் நம்முடையதும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும். விரைவு ரயிலில் இருப்பதைப் போலப் பெரிய சூட்கேஸை ஏற்றிவைக்கும் மேல்தட்டை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் மென்மையான பை ஒன்று போகும்; சக்கரம் வைத்த பெரிய பெட்டி போகாது. அதைக் காலடியில் நிறுத்தினால் எட்டுப் பேருடைய கால்களும் ஐந்து மணி நேரம் மடங்கியே இருக்க வேண்டும். இடையில் நிலையத்தில் இறங்குவதென்றாலும் முதலில் அந்தப் பெட்டியை வெளியே இறக்கியாக வேண்டும்.

ரயில்வே விதிப்படி இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது சரிதான். ஆனால் இந்த ரயிலில் எடைக்கு முன்னால் இடமே தீர்ந்துவிடுகிறது. விதி அனுமதிக்கிறது என்பதை மட்டும் நம்பிப் பெட்டி கட்டுவது சக பயணிகளோடு சண்டையில்தான் முடியும்.

டிக்கெட்டை எப்படிப் பார்ப்பது

மலையேறும் ரயிலின் எண் 56136. ஐஆர்சிடிசி தளத்தில் நிலையப் பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது எழுத்துக்கூட்டு குழப்பும். ஆகவே குறியீட்டையே தட்டுவது எளிது. மேட்டுப்பாளையத்துக்கு MTP, குன்னூருக்கு ONR, ஊட்டிக்கு UAM. வகுப்புகள் இரண்டு: முதல் வகுப்புக்கு FC, இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 2S. முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். கோடை விடுமுறைக்கும் நீண்ட வார இறுதிகளுக்கும் அன்று காலையிலேயே உட்கார வேண்டும்.

இந்த ரயிலில் காத்திருப்போர் பட்டியலை வைத்துத் திட்டம் போடுவது ஆபத்தானது. இருக்கைகளே சொற்பம், ரத்து செய்கிறவர்களும் சொற்பம். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. காலையில் புறப்படும் ரயில் என்பதால் முதல் நாள் இரவே சார்ட் தயாராகிவிடுகிறது. அந்த நேரத்தில் சென்னைக்காரர் மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறுவதற்காக சென்ட்ரலில் நின்றுகொண்டிருப்பார். அதற்கு மேல் திட்டத்தை மாற்ற வழியில்லை. ஆகையால் மலைரயில் டிக்கெட் உறுதியான பிறகே மற்ற டிக்கெட்டுகளை எடுப்பது நல்லது. அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம்.

ஊட்டி வரை இடம் இல்லையென்றால் குன்னூர் வரை மட்டும் தேடிப் பாருங்கள். நீராவி இன்ஜின், பல்தண்டவாளம், பெரும்பாலான சுரங்கங்கள், பள்ளத்தாக்கின் மேல் போகும் பாலங்கள் ஆகிய அனைத்தும் குன்னூருக்கு முன்பே முடிந்துவிடுகின்றன; குன்னூரில் டீசல் இன்ஜின் மாட்டிவிடுகிறார்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நாளில் பல முறை ரயில் உண்டு, பேருந்துக்கோ குறைவே இல்லை. குன்னூரிலேயே தங்குகிறவர்களுக்கு ஊட்டி வரை டிக்கெட் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

முன்பதிவு இல்லாமல் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் கவுன்ட்டர் வரிசையில் நிற்பதைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். தனியாக ஒரு பையோடு வருகிற இளைஞர் அதை முயன்று பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பேருந்தில் ஏறிவிடுவார். குழந்தைகளோடும் பெட்டிகளோடும் வருகிறவர்களுக்கு அது ஒரு திட்டமே அல்ல.

மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் வழிகள்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரான வழி நீலகிரி எக்ஸ்பிரஸ், எண் 12671. இரவு 9 மணியை ஒட்டி சென்ட்ரலில் புறப்பட்டு, காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் வழியாகக் காலை ஆறேகால் மணி வாக்கில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. அகலப்பாதை முடிவதும் மலைப்பாதை தொடங்குவதும் ஒரே நிலையத்தில் என்பதால் ஆட்டோவும் வேண்டாம், வெளியே வரவும் வேண்டாம். இது மலைரயிலுக்கான இணைப்பு ரயிலாகவே கருதப்படுவதால், சற்றுத் தாமதமாக வந்தாலும் வழக்கமாக மலைரயிலை நிறுத்திவைக்கிறார்கள். இருந்தாலும் வழக்கம் வேறு, உத்தரவாதம் வேறு. இரண்டு டிக்கெட்டுகளிலும் பயணிகளின் விவரம் ஒன்றாகவே இருந்தால் இரண்டு பிஎன்ஆர் எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதி ஐஆர்சிடிசியில் 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், பயன்படுத்தாத டிக்கெட்டின் பணத்தைக் கேட்க அது உதவும். எண்களை இணைக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. பயணிகளின் பெயரை இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறோமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் இருப்பவர்களும், விமானத்திலோ வேறு ரயிலிலோ கோயம்புத்தூர் வருகிறவர்களும் செய்யும் தவறான கணக்கு ஒன்று உண்டு. கோயம்புத்தூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே பகலில் பல முறை சிறு ரயில்கள் ஓடுகின்றன. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகின்றன. ஆனால் காலை 7.10-ஐப் பிடிப்பதற்கு அவற்றை நம்பக் கூடாது. அந்த நேரத்துக்குப் பொருந்தும் ரயில், விடியற்காலை ஐந்து மணியளவில் கோயம்புத்தூர் வரும் அதே நீலகிரி எக்ஸ்பிரஸ்தான். இல்லையென்றால் சாலை வழி. காந்திபுரத்திலிருந்தும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்தும் அதிகாலையிலேயே பேருந்துகள் உண்டு; தூரம் 36 கிலோமீட்டர் அளவு, விடியற்காலை என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஐந்து மணிக்குள் பேருந்தில் ஏறிவிட்டால் பதற்றம் இருக்காது. குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால், முதல் நாள் மாலையே சிறு ரயிலில் மேட்டுப்பாளையம் போய் நிலையத்துக்கு அருகில் உள்ள விடுதியில் தங்கிவிடுவதுதான் என் பரிந்துரை. மேட்டுப்பாளையத்தில் பார்ப்பதற்கு அதிகமில்லை என்பார்கள். ஆனால் அங்கே தங்குவது ஊர் பார்ப்பதற்காக அல்ல, காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதற்காக.

மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் முதல் நாளே கோயம்புத்தூரையோ மேட்டுப்பாளையத்தையோ அடைந்துவிடுவது நல்லது. இரவுப் பேருந்தில் வந்து நேராக மலைரயிலைப் பிடிக்கும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். வழியில் ஒரு டயர் பஞ்சரானால் அதோடு முடிந்தது.

பெட்டிகளுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, பெட்டியே இல்லாமல் வருவது. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு இதுதான் சிறந்தது. ஆளுக்கு ஒரு மென்மையான பை, அதுவும் மடியில் வைத்துக்கொள்ளவோ இருக்கைக்கு அடியில் திணிக்கவோ கூடிய அளவில். பள்ளிக்கூடப் பையைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கலாம், அவ்வளவுதான். ஊட்டிப் பயணத்தில் இடத்தை அடைப்பவை குளிர் உடைகள். அவற்றில் பருமனானதைப் பையில் வைக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், குன்னூரைத் தாண்டும்போது எப்படியும் போட்டுக்கொள்வீர்கள்.

இரண்டாவது வழி, பெரிய பெட்டியைச் சாலை வழியாக அனுப்புவது. ஊட்டியில் சுற்றிப் பார்க்க எப்படியும் ஒரு டாக்சி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதே வண்டியை மேட்டுப்பாளையம் நிலையத்துக்கு வரச் சொல்லிப் பெட்டிகளை ஏற்றி, தங்கும் விடுதியில் இறக்கச் சொல்லலாம். விடுதியின் மூலமாக ஏற்பாடு செய்த வண்டி என்றால் நம்பிக்கையும் இருக்கும், பெட்டியை வாங்கிவைக்க ஆளும் இருப்பார்கள். பணம், நகை, மருந்து, அடையாள அட்டை ஆகியவை மட்டும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். வெளியூர் வண்டி மலையேறுவதாக இருந்தால் இ-பாஸ் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழையும் வண்டிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. நீலகிரிப் பதிவெண் உள்ள உள்ளூர் வண்டியை அமர்த்தினால் இந்தக் கவலை ஓட்டுநருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

குடும்பத்தில் ஒருவர் பெட்டிகளோடு பேருந்தில் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம். மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் ரயில் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஒன்பது, ஒன்பதரைக்கே ஊட்டியில் இறக்கிவிடும். விடுதி அறை நண்பகலுக்கு முன் கிடைக்காது. ரயிலும் நண்பகலில்தான் வந்து சேரும். அந்த ஒருவர் மூன்று மணி நேரம் பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்க வேண்டும். ரயிலுக்காக வந்துவிட்டு ஒருவரை அதிலிருந்து விலக்குவது எனக்கு ஏற்புடையதல்ல.

மூன்றாவது வழி, திசையை மாற்றிக்கொள்வது. பெரிய பெட்டிகளோடு நீண்ட சுற்றுலாவில் இருப்பவர்கள், குறிப்பாக ஊட்டியிலிருந்து மைசூர் பக்கமாகப் போய்விடுகிறவர்கள், சாமானோடு பேருந்திலோ டாக்சியிலோ ஊட்டிக்குப் போய் அறையில் பெட்டிகளை வைத்துவிட வேண்டும். பிறகு ஒருநாள் வெறுங்கையோடு ரயில் ஏறலாம். 56137 என்ற எண்ணுள்ள ரயில் பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் புறப்பட்டு மாலை ஐந்தரை மணியளவில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. அதில் இறங்கிவிட்டுப் பேருந்தில் இரவுக்குள் ஊட்டி திரும்பிவிடலாம். ஏறும்போது இன்ஜின் மூச்சுவாங்கும் சத்தம் இறங்கும்போது இருக்காது என்பது உண்மைதான்; ஆனால் முழங்காலுக்கு நடுவே சூட்கேஸை இடுக்கிக்கொண்டு கேட்கும் சத்தத்தைவிட அது மேல்.

கோயம்புத்தூர் நிலையத்தின் பொருள் வைப்பறையில் பெட்டியை வைத்துவிடலாம் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் யோசனை. பூட்டிய பெட்டியும் பயண டிக்கெட்டும் இருந்தால் வைக்கலாம். ஆனால் இது முதல் நாளே கோயம்புத்தூர் வந்து, திரும்பும்போதும் கோயம்புத்தூரிலேயே ரயில் ஏறுகிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறவர் பெட்டி வைப்பதற்காகக் கோயம்புத்தூரில் இறங்கினால், வண்டி அவரை விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போய்விடும். பிறகு பேருந்தில் துரத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

தாம்பரத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலி உள்ள பாட்டி. வெள்ளிக்கிழமை காலை மலையேறி, ஞாயிறு இரவு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறித் திரும்ப நினைக்கிறார்கள். முதலில் கட்டியவை இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, ஒரு சாப்பாட்டுக் கூடை, ஆளுக்கொரு தோள்பை.

இதை அப்படியே கொண்டுவந்தால் நடக்காது. இரண்டு இரவுக்கு இரண்டு சூட்கேஸ் தேவையில்லை. நான்கு பேருடைய துணியும் இரண்டு நடுத்தரத் துணிப்பைகளில் அடங்கிவிடும், அவை இருக்கைகளுக்கு அடியில் போகும். நான்கு பேரும் ஒரே பிஎன்ஆரில் இருந்து இருக்கைகளும் எதிரெதிராக அமைந்துவிட்டால், அந்தக் காலடி முழுவதும் அவர்களுடையது. பாட்டி காலை நீட்டிக்கொள்ளலாம். சாப்பாட்டுக் கூடையை நீலகிரி எக்ஸ்பிரஸிலேயே காலி செய்துவிட வேண்டும். கட்டைப்பையில் இருந்தவற்றில் ஸ்வெட்டரும் சால்வையும் தவிர மற்றவை வீட்டிலேயே தங்கட்டும்.

தாம்பரத்துக்காரர் சென்ட்ரல் வரை வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வியாழக்கிழமை மாலை நகருக்குள் வரும் நெரிசலையும் சேர்த்துக்கொண்டால், ஏழு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பாட்டிக்கு எக்ஸ்பிரஸில் கீழ் படுக்கை வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும்; மலைரயிலில் படிக்கட்டில் ஏறி இறங்குவது அவருக்குச் சிரமம் என்பதால், இடை நிலையங்களில் இறங்காமல் இருக்கையிலேயே இருக்கத் தயாராக வர வேண்டும். திரும்பும்போது மலைரயில் மாலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்பும். இடையில் நான்கு மணி நேரம் நிலையத்தில் உட்கார வேண்டும். பாட்டிக்கு இது அதிகம். அதனால் இறங்குவதற்கு மலைரயிலைத் தேடாமல், ஊட்டியில் மதியம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மாலையில் பேருந்திலோ டாக்சியிலோ கீழே வருவதே இவர்களுக்குச் சரியானது. ஞாயிற்றுக்கிழமை மாலை மலைச்சாலையில் இறங்கும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும் என்பதால் நான்கு மணிக்குள் ஊட்டியை விட்டுவிட வேண்டும்.

ரயில் மாறும் அந்த ஐம்பது நிமிடம்

நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்பதற்கும் மலைரயில் கிளம்புவதற்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது நிமிடம் இருக்கிறது. அதை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் அன்றைய காலை நல்லபடியாக அமைவது இருக்கிறது. காரமடை நிலையம் கடந்ததும் பைகளைக் கட்டி எழுந்துவிடுங்கள், அடுத்தது மேட்டுப்பாளையம்தான். இறங்கியவுடன் மலைரயிலைப் பார்க்க ஓடுவது இயல்பு, எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் கழிப்பறை. மலைரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது, அடுத்த வாய்ப்பு மலைமீது ரயில் நிற்கும்போதுதான். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நீளும். எக்ஸ்பிரஸிலேயே முடித்துக்கொண்டு இறங்குகிறவர் புத்திசாலி.

அதற்குப் பிறகு பைகள். ஒருவர் உங்கள் ரயில்பெட்டியைக் கண்டுபிடித்து, கூட்டம் வருவதற்குள் பைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். அடுத்து ஏறுகிறவர் தன்னுடையதை முதலில் வைத்துவிட்டால் எதுவும் கேட்க முடியாது; முன்பதிவுச் சீட்டில் உங்கள் பெயருக்கு எழுதியிருப்பது இருக்கை மட்டுமே, அதன் அடிப்பகுதி அல்ல. போர்ட்டர் கிடைப்பார் என்று கணக்குப் போட வேண்டாம். இருக்கையை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் எந்தப் பக்கம் பள்ளத்தாக்கு தெரியும் என்று கவலைப்படுவதிலும் பயனில்லை. வளைவுகள் இருநூறுக்கும் மேல், காட்சி இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி வரும்.

மூன்றாவதாகச் சிற்றுண்டி. இட்லியோ பொங்கலோ பொட்டலமாக வாங்கி வைத்துக்கொண்டு, ரயில் கல்லாறு வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். நீலகிரி மாவட்டத்தில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது; கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தால் மேலே கிடைக்காது, கையில் இருந்தால் பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள்.

ஏறும் வழியில்

பல்தண்டவாளப் பகுதியில் ரயில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. கல்லாறு தாண்டியதும் ஒரு சிறு குலுக்கலோடு பற்சக்கரம் கவ்வுவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். அதன் பிறகு ஒவ்வொரு பல்லும் ஏறும் நறநறப்பு இருக்கையின் வழியாக முதுகுக்கு வரும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் ஒருவர் கொடியோடு நின்றிருப்பார்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக ரயில் இடையில் நிற்கும். அவற்றில் ஹில்குரோவ் நிறுத்தம் நீளமானது. எல்லாரும் இறங்குவார்கள், டீயும் வடையும் கிடைக்கும். குரங்குகளும் அங்கேதான் காத்திருக்கும். சன்னலோரம் வைத்த பிஸ்கட் பொட்டலமும் ஜிப் போடாத தோள்பையும் அவற்றின் கணக்கில் சேர்ந்துவிடும். இறங்குவதற்கு முன் சன்னலை ஏற்றி, பையை மூடிவிட்டு, ஒருவராவது உள்ளே இருப்பது நல்லது. ஊதல் ஒலித்ததும் ஏறிவிட வேண்டும். பெட்டிகளுக்கிடையே உள்வழி கிடையாது என்பதால் கிடைத்த கதவில் ஏறிக்கொண்டு உள்ளே நடந்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து, பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழுவது அநேகமாக ஆண்டுதோறும் நடக்கும். அப்போது மேட்டுப்பாளையம் – குன்னூர் சேவையை ஒரு நாளோ பல நாளோ ரத்து செய்துவிடுவார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ரயில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. இந்த மாதங்களில் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முதல் நாளும், கிளம்பும் அன்று மாலையும் மலைரயிலின் எண்ணைப் போட்டு அதன் நிலையைப் பார்த்துவிட வேண்டும். ரயில்வேயே ரத்து செய்த ரயிலுக்கு இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும்.

ஆனால் விடுதியில் கட்டிய முன்பணம் வராது, நீலகிரி எக்ஸ்பிரஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே மாற்று வழியாகப் பேருந்தை மனத்தில் வைத்திருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஒரு சாலையும், கோத்தகிரி வழியாக இன்னொரு சாலையும் ஊட்டிக்குப் போகின்றன. ஒன்று அடைபட்டாலும் மற்றதில் பேருந்து ஓடும். ரயிலுக்கென்று குறைத்துக் கட்டிய பைகள் பேருந்திலும் சுமையாக இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். ரயிலின் வேகத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

ஊட்டியில் இறங்கியதும்

நண்பகலையொட்டி ரயில் ஊட்டியைச் சேரும். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கைப்பைகளோடு வருகிறவர்கள் நடந்தே போய் எந்தத் திசைக்கும் பேருந்து பிடிக்கலாம். நிலைய வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். விடுதியின் பெயரைச் சொல்லுமுன் விடுதிக்குப் போன் செய்து தூரத்தையும் வழக்கமான வாடகையையும் கேட்டுக்கொண்டால் பேரம் சுருக்கமாக முடியும். இறங்கும் பயணத்துக்கும் மலைரயிலையே விரும்புகிறவர்கள் அந்த டிக்கெட்டையும் ஏறும் டிக்கெட்டோடு அறுபது நாள் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும். ஊட்டி வந்த பிறகு கவுன்ட்டரில் கேட்டால், பெரும்பாலும் குன்னூர் வரை போய்வரும் ரயிலுக்குத்தான் இடம் இருக்கும்.